பழைய நம்பர் வேறொருவர் கைக்குப் போய்விட்டதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

என் சித்தி திருமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். அவரிடம் இரண்டு சிம் இருந்தன. 2024 ஜனவரியில் ஒரு சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்தது. இரண்டுக்கும் எதற்குக் காசு போட வேண்டும் என்று அதை அப்படியே விட்டுவிட்டார். வங்கியில் கொடுத்திருந்தது அந்த நம்பர்தான்.

அக்டோபர் மாதம் ஒரு வாடிக்கையாளர் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்த கூலி 850 ரூபாயை அந்த நம்பருக்கு அனுப்பிவிட்டு, “அக்கா, போட்டுட்டேன், பாத்துக்கங்க” என்றார். பணம் வரவில்லை. அவருடைய போனை வாங்கிப் பார்த்தால், பணம் வாங்கியவர் பெயர் என்று யாரோ ஓர் ஆணின் பெயர் இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் கடைச் சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தவர்கள் அனுப்பிய பணமெல்லாம் சித்தியின் கணக்குக்கே ஒழுங்காக வந்திருந்தது. பாஸ்புக் பதிந்தபோது தெரிந்தது.

ஒரே ஆள், ஒரே கணக்கு. ஒரு பக்கம் பணம் வருகிறது, இன்னொரு பக்கம் தெரியாதவருக்குப் போகிறது. இது எப்படி என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் நம்பர் மூன்று தனித்தனி நோட்டுகளில் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நோட்டு வங்கியுடையது. அலர்ட்டும் ஓடிபியும் எந்த நம்பருக்குப் போக வேண்டும் என்பது அதில் இருக்கிறது. இரண்டாவது யூபிஐ நோட்டு. இந்த நம்பருக்கோ இந்த முகவரிக்கோ பணம் வந்தால் எந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அதில். மூன்றாவது ஆதார் நோட்டு. ஒன்றில் திருத்தினால் மற்றொன்று தானாகத் திருந்தாது. சித்தி விஷயத்தில் புதிதாக நம்பர் வாங்கியவர் தன் போனில் யூபிஐ தொடங்கியதும், இரண்டாவது நோட்டில் அந்தப் பத்து இலக்கத்துக்கு நேராக அவருடைய கணக்கு ஏறிவிட்டது. சுவரில் இருந்த கியூஆரில் இருந்ததோ சித்தியின் பெயரில் எடுத்த யூபிஐ முகவரி, நம்பர் அல்ல. அதனால் அது பழையபடியே சித்தியின் கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

நம்பர் எப்போது கைமாறும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ப்ரீபெய்டு சிம்மில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். சிம்மில் 20 ரூபாயாவது ரீசார்ஜ் மீதி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி சொல்கிறது. துண்டித்த பிறகு குறைந்தது 90 நாள் அந்த நம்பரை யாருக்கும் தரக்கூடாது. ஆகக் கூட்டினால் சுமார் ஆறு மாதம். சிம் செத்துப்போய் ஆறு மாதம் தாண்டிவிட்டால், நம்பர் இன்னொருவரிடம் போயிருக்கலாம் என்று எண்ணித்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அதற்குள் என்றால் முதலில் சிம் நிறுவனத்தின் கடைக்குப் போய் அதே நம்பரைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். கிடைத்துவிட்டால் கீழே உள்ள அலைச்சல் பெரும்பாலும் மிச்சம்.

முதலில் ஒரு சோதனை: பணம் அனுப்பாமல் பெயரை மட்டும் பாருங்கள்

வீட்டில் வேறு யாருடைய போனிலாவது யூபிஐ செயலியைத் திறந்து, பணம் அனுப்பும் இடத்தில் உங்கள் பழைய நம்பரைத் தட்டுங்கள். ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் பெயரைத் தொடாதீர்கள். பத்து இலக்கத்தையும் கையால் அடியுங்கள். தொகை கேட்கும் பக்கத்துக்கு வந்ததும் பெறுபவர் பெயர் தெரியும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 2025 ஜூன் இறுதியிலிருந்து, வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் செயலிகள் காட்ட வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ விதித்திருக்கிறது. அதனால் இந்தப் பெயரை நம்பலாம்.

உங்கள் பெயரே வந்தால், யூபிஐ நோட்டில் இன்னும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். தெரியாத பெயர் வந்தால் கைமாறிவிட்டது. நம்பரே யூபிஐயில் இல்லை என்று வந்தால், பழைய பதிவு நீங்கிவிட்டது, புதியவர் இன்னும் தொடங்கவில்லை. மூன்றாவது நிலைதான் நிம்மதி. ஆனால் அது எத்தனை நாள் நீடிக்கும் என்று சொல்ல முடியாது.

இதே போல உங்கள் பழைய யூபிஐ முகவரிகளையும் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். நம்பரை முன்னால் வைத்த முகவரிகளை முக்கியமாகப் பார்க்க வேண்டும். கடையில் கியூஆர் ஒட்டியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள். கியூஆருக்குள் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்:

```
upi://pay?pa=98xxxxxxxx@handle&pn=KADAI%20PEYAR
```

`pa` என்பதற்குப் பின்னால் வருவதுதான் பணம் போகும் முகவரி. `pn` என்பது அச்சடித்தபோது எழுதிய பெயர், வெறும் எழுத்து. அட்டையில் உங்கள் கடைப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தாலும் பணம் `pa` சொல்லும் இடத்துக்குத்தான் போகும். அந்த இடத்தில் பழைய நம்பர் இருந்தால் அட்டையை இன்றே கிழித்துவிடுங்கள்.

அறிகுறி: பணம் சரியாக வந்து போகிறது, ஆனால் அலர்ட் மட்டும் வருவதில்லை

இது முதல் நோட்டின் கோளாறு. பெரும்பாலானவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. சித்தியும் “அந்த சிம் போச்சு, அதான் மெசேஜ் வரல” என்று எட்டு மாதம் இருந்துவிட்டார். மெசேஜ் வராமல் இல்லை. வங்கி அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. நம்பர் கைமாறிய நாளிலிருந்து அதெல்லாம் வேறு ஒருவருக்குப் போயிற்று. மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய்கூட கணக்கில் சரியாகத்தான் ஏறியது. அது வந்த செய்தி மட்டும் அந்த மனிதருக்குப் போயிருக்கும்.

அலர்ட்டில் முழுக் கணக்கு எண் இருக்காது. ஆனால் வங்கிப் பெயர், கடைசிச் சில இலக்கங்கள், சில சமயம் மீதி இருப்பும் இருக்கும். பல வங்கிகளில் பதிவான நம்பரிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தாலே இருப்புத் தொகை எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும். அந்த நம்பர் இப்போது அவரிடம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சரிசெய்ய வேண்டிய இடம் வங்கிதான். நெட் பேங்கிங்கில் நம்பர் மாற்றப் போனால் பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பும். அது உங்களிடம் இல்லை. அதோடு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. திரும்பத் திரும்ப முயலாதீர்கள், ஒவ்வொரு முறையும் ஓர் ஓடிபி அந்த ஆளுக்குப் போகும். சில வங்கிகளில் ஏடிஎம்மில் அட்டையும் பின் நம்பரும் போட்டு மொபைல் நம்பரை மாற்றலாம். இல்லையென்றால் கிளைக்கே போக வேண்டியதுதான்.

கிளைக்குப் போகும்போது பாஸ்புக், ஆதார், பான் இவற்றின் அசலும் நகலும், புது சிம் போட்ட போனும் கையில் இருக்கட்டும். மாற்ற விண்ணப்பம் கொடுக்கும்போது இரண்டு விஷயத்தை வாய்விட்டுக் கேளுங்கள். முதலாவது, உங்கள் வாடிக்கையாளர் பதிவிலேயே நம்பர் மாறுகிறதா, இந்த ஒரு சேமிப்புக் கணக்கின் அலர்ட்டுக்கு மட்டும் மாறுகிறதா? சில இடங்களில் இவை இரண்டும் வேறு வேறு. நகைக்கடன், வைப்புத்தொகை, கிரெடிட் கார்டு இவற்றுக்குத் தனியாக நம்பர் கொடுத்திருந்தால் அவையும் மாற வேண்டும். இரண்டாவது, பழைய நம்பர் இரண்டாம் தொடர்பு எண்ணாகவோ கூட்டுக் கணக்குக்காரரின் எண்ணாகவோ எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சித்தி கணக்கில் முதல் எண் மாறிய பிறகும் வைப்புத்தொகைப் பதிவில் பழையதே இருந்தது. கேட்டதால்தான் தெரிந்தது.

மாற்றியாயிற்று என்று கவுன்டரில் சொன்னதை மட்டும் நம்பி வந்துவிடாதீர்கள். வெளியே வந்து ஏடிஎம்மில் 100 ரூபாய் எடுங்கள். புது நம்பருக்கு அலர்ட் வந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். யூபிஐயில் பத்து ரூபாய் அனுப்பிச் சோதிக்க வேண்டாம், ஏனென்றால் சிறு தொகைகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பாத வங்கிகள் இருக்கின்றன. அலர்ட் வராததை வைத்து மாறவில்லை என்று தவறாக முடிவு கட்டிவிடுவீர்கள்.

அறிகுறி: நம்பருக்கு அனுப்பிய பணம் வேறு பெயருக்குப் போய்விட்டது

இது இரண்டாவது நோட்டு. இங்கே செய்ய வேண்டியதில் ஒரு பாதி உங்களுடையது, இன்னொரு பாதி பணம் அனுப்பியவருடையது. பலர் குழம்புவது இங்கேதான்.

போன பணத்தைக் கேட்டுப் புகார் கொடுக்க வேண்டியவர் அனுப்பியவர், நீங்கள் அல்ல. உங்கள் வங்கியில் போய் நின்றால், “உங்க கணக்குல எந்தப் பரிவர்த்தனையும் இல்லையே” என்பார்கள். அது சரியான பதிலும்கூட. அனுப்பியவர் தன் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, தவறான ஆளுக்குப் போய்விட்டது என்று புகார் பதிய வேண்டும். 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு தன் வங்கிக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவருடைய வங்கி, பெற்றவரின் வங்கியைக் கேட்கும். பெற்றவர் சம்மதித்தால் பணம் திரும்பும்.

அந்தச் சம்மதம் இல்லாமல் வங்கி அவர் கணக்கிலிருந்து எடுக்காது. தொழில்நுட்பக் கோளாறில் மாட்டிய பணம் தானாகத் திரும்பும். ஆனால் இங்கே கோளாறு எதுவும் இல்லை. அந்த நம்பர் இன்று யாருடையதோ அவருக்குப் போயிருக்கிறது; யூபிஐயின் பார்வையில் அது வெற்றிகரமாக முடிந்த பரிவர்த்தனை. வங்கி புகாரை மறுத்தாலோ 30 நாளில் பதில் தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். அங்கே பார்ப்பது வங்கி தன் கடமையைச் செய்ததா என்பதைத்தான். பெற்றவர் தர மறுத்தால் அது வேறு வழக்கு.

அந்த நம்பருக்கே போன் போட்டுக் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் ஒரே ஒரு முறை, நயமாக. “இது முன்னால எங்க நம்பர், தெரியாம உங்களுக்குப் பணம் வந்திருச்சு, பேங்க்ல இருந்து கேட்டா சரின்னு சொல்லுங்க” என்று சொன்னால் போதும். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. கடையில் புதிதாக சிம் வாங்கினார், அவ்வளவுதான்.

உங்கள் பாதி இதுதான். புது நம்பர் வங்கியில் ஏறிய பிறகு, புது சிம் உள்ள போனில் யூபிஐயைப் புதிதாகத் தொடங்குங்கள். வரிசை முக்கியம். வங்கியில் மாற்றுவதற்கு முன்னால் தொடங்கினால், இந்த நம்பருக்குக் கணக்கு எதுவும் இல்லை என்று செயலி சொல்லிவிடும். தொடங்கியதும் டெபிட் கார்டு விவரத்தைக் கொடுத்து யூபிஐ பின் நம்பர் வைக்க வேண்டியிருக்கும். முதல் 24 மணி நேரம் பெரும்பாலும் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. அது பாதுகாப்புக்காக வைத்தது, பழுது என்று நினைத்துப் பதற வேண்டாம். அமைப்புகளில் யூபிஐ நம்பர் என்ற இடத்துக்குப் போய், புது மொபைல் எண் உங்கள் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போது உங்கள் சம்மதம் கேட்டுத்தான் செயலிகள் இதை இணைக்க வேண்டும், அதனால் இணையாமலே இருக்கவும் வாய்ப்பு உண்டு.

இது முடிந்த பிறகும் ஒரு ஓட்டை பாக்கி. பணம் அனுப்பும் ஒவ்வொருவருடைய போனிலும் உங்கள் பெயரில் பழைய நம்பர் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதை எந்த வங்கியாலும் திருத்த முடியாது. சீட்டு கட்டுகிறவர்கள், வாடகை தருகிறவர்கள், மாதாமாதம் அனுப்பும் பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் எழுதி ஒவ்வொருவரிடமும் சொல்லி, பழையதை அழிக்கச் சொல்லுங்கள். புதியதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் மட்டும் போதாது. இரண்டும் இருந்தால் விரல் பழைய நம்பருக்குத்தான் போகும்.

கணக்கு எண்ணும் கிளைக் குறியீடும் போட்டு அனுப்புகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. எரிவாயு மானியம் மாதிரி ஆதார் வழியாகக் கணக்கில் விழும் பணமும் நம்பரைப் பார்த்து வருவதல்ல.

அறிகுறி: நேற்று வரை வேலை செய்த யூபிஐ இன்று நின்றுவிட்டது

பழைய சிம் செத்த பிறகும், போனில் இருந்த செயலி வைஃபையில் பல மாதம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் திடீரென்று “மொபைல் எண்ணைச் சரிபார்க்கவும்” என்று கேட்டு நிற்கும். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, புதியவர் அதே செயலியில் அதே நம்பரால் நுழைந்ததும் உங்கள் போனிலிருந்த பதிவு ரத்தாகிவிட்டது. இன்னொன்று, வங்கியே துப்புரவு செய்திருக்கிறது.

இரண்டாவது காரணம் புதிது. துண்டிக்கப்பட்ட நம்பர்களின் பட்டியலைத் தொலைத்தொடர்புத் துறை வெளியிடுகிறது. 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அந்தப் பட்டியலைப் பார்த்து வாடிக்கையாளர் பதிவுகளைச் சுத்தம் செய்யும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. என்பிசிஐ, வங்கிகளும் யூபிஐ செயலிகளும் 2025 மார்ச் 31க்குள் இதற்குத் தயாராகி, வாரம் ஒரு முறையாவது பதிவுகளைப் புதுப்பிக்க வேண்டும் என்றது. சித்திக்கு நடந்தது இதற்கு முன்பு. இன்று நடந்தால் பழைய பதிவு முன்னாலேயே நீங்கியிருக்கலாம். ஆனால் இந்தத் துப்புரவு பழையதை எடுக்குமே தவிர, உங்கள் புது நம்பரைக் கொண்டுவந்து வைக்காது. அதை நீங்கள்தான் வங்கியில் மாற்ற வேண்டும். எந்தக் காரணமாக இருந்தாலும் செய்ய வேண்டியது மேலே சொன்னதேதான்: முதலில் வங்கி, அப்புறம் யூபிஐ.

அறிகுறி: நீங்கள் கேட்காமலே பின் மாற்ற முயற்சி, தெரியாத பற்று, சந்தேகமான அழைப்பு

எல்லோரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான்: நம்பர் கையில் இருந்தால் அவர் என் பணத்தை எடுத்துவிடுவாரா?

நம்பர் மட்டும் இருந்தால் முடியாது. ஆனால் எவ்வளவு தூரம் வர முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். யூபிஐ செயலி தொடங்கும்போது போனிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் போகும். அது எந்த நம்பரிலிருந்து வந்தது என்று பார்த்துத்தான் ஆள் யார் என்று முடிவாகும். அந்தப் படியை அவர் தாண்டிவிடுவார். அடுத்து அவர் உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்தால், இந்த நம்பரில் உள்ள கணக்குகள் என்று உங்கள் கணக்கை மறைத்த இலக்கங்களோடு காட்டும். வங்கியில் நீங்கள் நம்பரை மாற்றாத வரை இது நடக்கும். அதன் பிறகு பின் வைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதி மாதமும் வேண்டும், கூடவே ஓடிபி. ஓடிபி அவரிடமே வரும். ஆகத் தடுத்து நிற்பது உங்கள் டெபிட் கார்டு ஒன்றுதான்.

அட்டை இல்லாமல் ஆதார் வழியாகவும் பின் வைக்கலாம். அதற்கு ஆதாரின் முதல் ஆறு இலக்கமும் ஆதார் ஓடிபியும் வேண்டும். ஆதாரிலும் அதே பழைய நம்பர் இருந்தால் அந்த ஓடிபியும் அவரிடமே போகும். ஆதார் நகலை எத்தனை கடையில் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

அதனால் இந்த நாட்களில் யாராவது வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கார்டின் பின்பாதி எண்ணை மட்டும் சரிபார்க்கக் கேட்டால், அவருக்குத் தேவையான கடைசித் துண்டு அதுதான். கொடுக்காதீர்கள்.

உண்மையாகவே பணம் போயிருந்தால் நேரம் பார்க்காமல் 1930க்கு அழையுங்கள். cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். கூடவே வங்கியின் உதவி எண்ணில் அட்டையையும் யூபிஐயையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. ஆனால் அந்த நாள் கணக்கு, வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்பியதிலிருந்து தொடங்குகிறது. தகவல் போனதோ பழைய நம்பருக்கு! “நம்பர் மாறியதை நீங்கள் சொல்லவில்லையே” என்று வங்கி வாதாடும். நம்பர் மாற்ற விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

அறிகுறி: ஆதார் ஓடிபி வருவதில்லை

மூன்றாவது நோட்டு. myaadhaar.uidai.gov.in தளத்தில், ஆதாரோடு இருக்கும் மொபைல் எண்ணைச் சரிபார்க்க ஒரு வசதி உண்டு. எந்த நம்பரைக் கொடுத்திருந்தோம் என்றே மறந்தவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம். மாற்றுவதற்கு ஆதார் மையத்துக்கோ மையம் உள்ள அஞ்சலகத்துக்கோ போய்க் கைரேகை வைக்க வேண்டும். மொபைல் எண் மாற்ற வேறு ஆவணம் தேவையில்லை. 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். நடமாட முடியாத பெரியவர்கள் இருந்தால் தபால்காரரிடம் கேளுங்கள், வீட்டுக்கே வந்து மாற்றித் தரும் சேவை அஞ்சலக வங்கியில் இருக்கிறது.

மறுபக்கம்: எனக்கு வேறு யாருடைய அலர்ட்டோ வருகிறது

புது சிம் வாங்கியவர்களில் பலருக்கு இது நடக்கிறது. யாரோ ஒருவருடைய சம்பளம், கடன் தவணை எல்லாம் உங்கள் போனில் வந்து விழும். சும்மா இருந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பின்னால் ஏதாவது மோசடி நடந்தால் விசாரணை முதலில் அந்த நம்பர் யாரிடம் இருக்கிறது என்று பார்க்கும். அந்த வங்கியின் உதவி எண்ணுக்கு அழைத்தோ கிளைக்கு எழுதியோ, இந்த நம்பர் இன்ன தேதியிலிருந்து என்னுடையது, உங்கள் வாடிக்கையாளர் பதிவிலிருந்து நீக்குங்கள் என்று சிம் வாங்கிய ரசீதோடு கொடுத்துவிடுங்கள். sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளின் பட்டியல் கிடைக்கும்.

யூபிஐ தொடங்கும்போது தெரியாத கணக்கு ஒன்று திரையில் வந்தால் அதைத் தொடாமல் உங்களுடையதை மட்டும் தேர்ந்தெடுங்கள். தெரியாத பணம் வந்து, ஒருவர் போன் செய்து திருப்பிக் கேட்டால், அவர் சொல்லும் நம்பருக்கு அனுப்ப வேண்டாம். அதையே தொழிலாக வைத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். “உங்க பேங்க் வழியா கேளுங்க, சரின்னு சொல்றேன்” என்று சொல்லிவிடுங்கள். பணமும் நேர்மையாகத் திரும்பும், உங்களுக்கும் வம்பு இல்லை.

பழைய சிம் இன்னும் உயிரோடு இருந்தால்

நம்பரை விடப்போகிறீர்கள், ஆனால் இன்னும் விடவில்லை என்றால் வேலை எளிது. பழைய சிம் போனில் இருக்கும்போதே செயலியில் யூபிஐ பதிவை நீக்குங்கள், பிறகு வங்கியில் நம்பரை மாற்றுங்கள், பிறகு ஆதார், கடைசியாக மின்னஞ்சல் கணக்கின் மீட்பு எண். அப்புறம் இரண்டு மாதமாவது பழைய சிம்மைக் குறைந்த ரீசார்ஜில் வைத்திருந்து, அதில் என்னென்ன மெசேஜ் வருகிறது என்று பாருங்கள். மறந்துபோன கணக்கெல்லாம் தானாகத் தலைகாட்டும். காப்பீடு, பழைய பிஎஃப், எப்போதோ வாங்கிய தவணைக் கடன் எல்லாம் இப்படித்தான் வெளியே வரும்.

வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் ஊர் சிம்மை அலமாரியில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். ஆறு மாதக் கணக்கு அதற்கும் பொருந்தும். வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் உட்படப் பத்து நாடுகளின் நம்பரிலேயே யூபிஐ வைத்துக்கொள்ள 2023 ஜனவரியில் என்பிசிஐ அனுமதி கொடுத்தது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கிளம்பும் முன்னால் கேட்டுவிடுங்கள்.

சித்தியின் 850 ரூபாய்க்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. வாடிக்கையாளர் செயலியில் புகார் பதிந்து, வங்கிக்கும் எழுதிக் கொடுத்தார். நம்பர் வாங்கியவரிடம் நான் ஒரு முறை பேசினேன். கட்டட வேலை செய்கிறவர், “எனக்கே யாரு போட்டதுன்னு தெரியலண்ணே” என்றார். பன்னிரண்டாம் நாள் பணம் வாடிக்கையாளர் கணக்குக்குத் திரும்பியது. அவர் கடைக்கே வந்து சுவரில் இருந்ததை ஸ்கேன் செய்து அனுப்பினார், சித்தி பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்த பிறகு.

பெயர்ப்பலகையில் பழைய நம்பரை அழித்துப் புதியதை எழுதியாயிற்று. பில் புத்தகம்தான் இன்னும் இரண்டு கட்டு மீதி இருக்கிறது. தாள் கிழிக்கும்போதெல்லாம் சித்தி அச்சடித்த நம்பரைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே புதியதை எழுதிக் கொடுக்கிறார்.